மூன்றாம் பக்கத்தின் அடியில் கிடந்த வரி

அக்டோபர் பிறந்துவிட்டால் எனக்குத் தெரிந்த பிள்ளைகளிடமிருந்து சி.வி. கோப்புகள் வரத் தொடங்கிவிடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டச் சேர்க்கைக்கான கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் விழுகிறது; அதனால் தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவர்கள் திரும்பிப் போவதற்குள் ஒருவர் பின் ஒருவராக அனுப்பிவைப்பார்கள். பெங்களூரில் நீரியல் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன் என்பதாலும், சில ஆண்டுகளாக விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வுப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்துசேர்ந்திருக்கிறது என்பதாலும் இப்படி அனுப்புகிறார்கள். சென்ற முறை வந்தவற்றில் ஒன்று, அல்சூரில் வசிக்கும் ஒரு மாணவியுடையது. அவளுடைய அம்மா எனக்கு நெடுநாள் தோழி. அவள் சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, பதினான்கு மாதங்களாக நகரத்து ஏரிகளின் நீர்த்தரத்தை ஆராயும் ஒரு குழுவில் திட்ட உதவியாளராக இருந்தாள். கோப்பின் பெயர் `CV_final_new2.pdf`. நான்கு பக்கங்கள். "அக்கா, பிழை ஏதாவது இருந்தால் மட்டும் சொல்லுங்கள், மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்" என்று எழுதியிருந்தாள்.

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நான்கு பக்கங்களையும் படித்து முடித்த பிறகு, இந்தப் பெண்ணால் ஆராய்ச்சி செய்ய முடியுமா என்ற ஒரே கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவளைச் சிறு வயதிலிருந்து அறிந்த எனக்கே அப்படியென்றால், முன்பின் அறியாத ஒருவர் ஒரே மாலையில் நாற்பது கோப்புகளுக்கு நடுவே இதைத் திறக்கும்போது என்ன தெரிந்துகொள்வார் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வேலைக்கான ரெஸ்யூமேயைப் படிப்பவர், இந்த ஆளிடம் என்னென்ன திறன்கள் இருக்கின்றன என்று பார்க்கிறார். முனைவர் பட்டத்துக்கான சி.வி.யைப் படிப்பவர், விடை தெரியாத ஒரு கேள்வியோடு நான்கைந்து ஆண்டுகள் இவர் தாக்குப்பிடிப்பாரா, அதற்கான தடயம் இதற்கு முன் எங்காவது இருக்கிறதா என்று தேடுகிறார். அந்தத் தடயம் எந்த வரியில் இருக்கிறதோ, அந்த வரி எத்தனையாவது பக்கத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமைகிறது.

அவளுடைய முதல் பக்கத்தில் இருந்தவை இவை: 'தொழில் நோக்கம்' என்று மூன்று வரிகள், தந்தை பெயர், பிறந்த தேதி, நிரந்தர முகவரி, பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்கும் மதிப்பெண் அட்டவணை, நட்சத்திரக் குறிகளால் அளவிடப்பட்ட கணினித் திறன்கள். இரண்டாம் பக்கம் முழுவதும் கலந்துகொண்ட பயிலரங்குகளும் இணையவழிச் சான்றிதழ்களுமாகப் பதினான்கு. மூன்றாம் பக்கத்தின் அடியில், இரண்டே வரிகளில், அவளுடைய திட்டப் பணி. நான்காம் பக்கத்தில் 'வெளியீடுகள்' என்ற தலைப்பில் ஐந்து வரிகள், ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிடப்பட்டு. பயோடேட்டா என்று நம் வீடுகளில் வழங்கும் தாள் கல்யாணத்துக்கும் வேலைக்கும் ஒன்றாகவே எழுதப்பட்டுவந்த பழக்கம் இன்னும் நம் கையை விட்டுப் போகவில்லை என்று தோன்றியது.

'கம்யூனிகேட்டட்' என்ற சொல்

ஐந்து வெளியீடுகளில்தான் முதலில் என் கண் நின்றது. அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் முனைவர் பட்ட நேர்காணலுக்குப் போனபோது என் சி.வி.யில் மூன்று கட்டுரைகள் இருந்தன. மூன்றாவதன் எதிரே 'கம்யூனிகேட்டட்' என்று எழுதியிருந்தேன். நம் நாட்டு ஆய்வகங்களில் ஒரு கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பியாகிவிட்டது என்பதைச் சொல்ல இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவோம். வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு இது புரிவதே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூத்த பேராசிரியர் அந்த வரியின் மேல் பேனாவை வைத்து, "எந்த இதழுக்கு அனுப்பினீர்கள், எந்தத் தேதியில்?" என்று அமைதியாகக் கேட்டார். கட்டுரை அனுப்பப்பட்டிருக்கவில்லை. என் நெறியாளர் அடுத்த வாரம் அனுப்பிவிடலாம் என்று சொல்லியிருந்தார். நேர்காணலுக்கு முன் அது நடந்துவிடும் என்று நம்பி எழுதிவிட்டேன். உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு முதல் இரண்டு கட்டுரைகளைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்வியிலும், நான் சொல்வதை அவர் சரிபார்த்துக்கொண்டே வந்தார். அந்த இரண்டும் முழுக்க நான் செய்த வேலை. ஒரு வரியில் இருந்த மிகை, மற்ற இரண்டு உண்மையான வரிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டது. அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பேனா நின்ற அந்த இடம் மட்டும் நினைவை விட்டு அகலவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது, ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். முதலாவது, ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை. ஐந்து ஆசிரியர்களில் இவள் மூன்றாமவள். இரண்டாவது, ஒரு மாநாட்டில் வைத்த போஸ்டரின் சுருக்கம். மூன்றாவது, இவள் முதலாசிரியராக எழுதி, செப்டம்பரில் ஆய்விதழுக்கு அனுப்பப்பட்டு மதிப்பாய்வில் இருக்கும் கட்டுரை. நான்காவது, இளநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் நான்கு தோழிகள் சேர்ந்து பணம் கட்டி ஓர் இணைய இதழில் போட்டது. ஐந்தாவது, 'தயாரிப்பில்' இருப்பது; அதாவது, வரைபடங்கள் மட்டும் உருவாகியிருக்கின்றன. இந்த ஐந்தையும் ஒரே எண் வரிசையில் நிறுத்தியதால், படிப்பவருக்கு ஒன்றுக்கும் ஐந்துக்கும் வேறுபாடு தெரியாது. வேறுபாட்டைத் தானே கண்டுபிடிக்க வேண்டிய நிலைக்கு வந்த வாசகர், ஐந்தையும் ஐந்தாவதன் மதிப்புக்கே இறக்கிவிடுவார்.

அதனால் முதலில் தலைப்பைப் பிரித்தோம். மதிப்பாய்வு பெற்று வெளிவந்தவை, மதிப்பாய்வில் இருப்பவை, மாநாட்டில் அளித்தவை என்று மூன்று சிறு தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு வரி. ஒரே வரி நிற்கும் தலைப்பு அழகாக இருக்காதே என்று அவள் தயங்கினாள். எம்.எஸ்சி. முடித்து ஓராண்டு ஆன ஒருவரிடம் எந்தத் தேர்வுக் குழுவும் ஐந்து கட்டுரைகளை எதிர்பார்ப்பதில்லை. ஒன்று, எந்த நிலையில் இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்படி இருந்தால் போதும். மதிப்பாய்வில் இருக்கும் கட்டுரைக்கு அனுப்பிய மாதத்தையும் ஆண்டையும் எழுதினோம். ஆய்விதழின் பெயரை எழுதவில்லை. ஒரு புகழ்பெற்ற இதழுக்கு யார் வேண்டுமானாலும் கட்டுரை அனுப்பலாம். ஏற்றுக்கொள்ளப்படும் முன்பே அதன் பெயரைப் போடுவது, அந்த இதழின் மதிப்பைக் கடன் வாங்குவதாகத்தான் படிப்பவருக்குப் படும். அதற்குப் பதிலாக, நெறியாளரும் மற்ற ஆசிரியர்களும் இசைந்தால், மதிப்பாய்வு முடியும் முன்பே கட்டுரையை யாரும் படிக்கும்படி வைக்கும் முன்பதிப்புத் தளம் ஒன்றில் ஏற்றி அதன் இணைப்பைக் கொடுக்கலாம். 1991இல் இயற்பியலில் தொடங்கிக் கணிதத்துக்கும் விரிந்த அர்க்கைவ் தளமும், உயிரியலில் 2013 முதல் பயோ-அர்க்கைவ் தளமும் இதற்கென்றே இருக்கின்றன. இதழின் பெயரைவிட, படித்துப் பார்க்கக்கூடிய பிரதி ஒன்று கையில் கிடைப்பது தேர்வு செய்பவருக்குப் பல மடங்கு உதவுகிறது. 'தயாரிப்பில்' இருப்பதை வெளியீட்டுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, திட்டப் பணியின் விவரிப்பில் கடைசி வாக்கியமாகச் சேர்த்தோம்.

ஆசிரியர் வரிசையிலும் ஒரு சிக்கல் இருந்தது. முதல் கட்டுரையில் அவள் தன் பெயரை மட்டும் எழுதி 'மற்றும் பிறர்' என்று முடித்திருந்தாள். ஏமாற்றும் எண்ணம் அவளுக்கு இல்லை. வரி நீளமாகிறதே என்று சுருக்கியிருக்கிறாள். ஆனால் மூன்றாம் ஆசிரியர் முதலாசிரியராகத் தோன்றும்படி ஆகிவிட்டது. கட்டுரையைத் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது. ஐந்து பெயர்களையும் அச்சில் உள்ள வரிசைப்படியே எழுதி, அவளுடைய பெயரை மட்டும் தடித்த எழுத்தில் காட்டினோம். இருவர் சமமாகப் பங்களித்ததாகக் கட்டுரையிலேயே குறிப்பு இருந்தால் உடுக்குறி போட்டு அதையும் சொல்லலாம். கட்டுரையில் இல்லாததை சி.வி.யில் மட்டும் போடக் கூடாது. துறைக்குத் துறை வழக்கம் மாறும் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். உயிரியலிலும் எங்கள் துறையிலும் முதல் பெயர் வேலையைச் செய்தவருக்கு, கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவருக்கு. கணிதத்திலும் பொருளியலிலும் பெரும்பாலும் அகர வரிசைதான், அங்கே மூன்றாவது என்பதற்குப் பொருளே இல்லை. 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களோடு ஒரு கட்டுரை வந்தது. அப்படிப்பட்ட கூட்டு ஆய்வில் இருந்து வருபவர் தான் செய்தது எந்தப் பகுதி என்று ஒரு வரி எழுதாவிட்டால், அந்த வெளியீட்டிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. மாநாடு என்ற சொல்லும் அப்படியே. கணினி அறிவியலில் மாநாட்டுக் கட்டுரை முழு மதிப்பாய்வு பெற்று வருவது. பல சமயம் ஆய்விதழைவிட உயர்வாகக் கருதப்படுவது. எங்கள் துறையில் அது பெரும்பாலும் ஒரு பக்கச் சுருக்கம். ஆகவே துறை மாறி விண்ணப்பிப்பவர்கள், முழுக் கட்டுரையா சுருக்கமா என்பதை அந்த வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பணம் கட்டிப் போட்ட கட்டுரை

நான்காவது வரியைப் பற்றித்தான் அவள் அதிகம் வாதாடினாள். "அதில் நான்தான் அக்கா முதலாசிரியர். வேலையும் உண்மையாகவே செய்தோம். அதை எடுத்துவிட்டால் எனக்கு வெளிவந்ததில் முதலாசிரியர் கட்டுரையே இல்லாமல் போய்விடும்" என்றாள். அவளுடைய வருத்தம் நியாயமானது. கல்லூரியில் வெளியீடு வேண்டும் என்று சொன்னார்கள், எந்த இதழ் என்று யாரும் வழிகாட்டவில்லை, கட்டணம் கட்டினால் போட்டுவிடுவார்கள் என்று மூத்த மாணவர்கள் சொன்ன இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட சந்தை இருபது வயதுப் பிள்ளைகளின் கையிலிருந்து பணத்தை வாங்கிக்கொண்டு, பின்னாளில் அவர்களுக்கே பாரமாகும் ஒரு வரியைக் கொடுத்து அனுப்புகிறது என்பதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

கட்டணம் வாங்குவது மட்டுமே குற்றம் ஆகாது. யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் மதிப்புமிக்க இதழ்களும் ஆசிரியர்களிடம் கட்டணம் வாங்குகின்றன. பார்க்க வேண்டியது மதிப்பாய்வு நடந்ததா என்பதை. அவளிடம் கேட்டேன்: அனுப்பி எத்தனை நாளில் ஏற்றார்கள்? மூன்று நாள். மதிப்பாய்வாளர்களின் குறிப்புகள் வந்தனவா? பக்க அமைப்பைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. அந்த இதழில் அதே மாதம் வேறு என்னென்ன கட்டுரைகள் வந்தன? பார்த்தோம், வணிகவியல், சித்த மருத்துவம், கான்கிரீட், இயந்திரக் கற்றல் எல்லாம் ஒரே இதழில். இந்த மூன்று பதில்களும் சேர்ந்து வந்தால், படிப்பவருக்கும் அதே முடிவுதான் வரும். அதுமட்டுமல்ல, நல்ல இதழுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாதவர் என்ற எண்ணமும் சேர்ந்து வரும்.

பட்டியலிலிருந்து அதை நீக்கினோம், வேலையை நீக்கவில்லை. நான்கு தோழிகளும் தெருக்குழாய் நீரில் நைட்ரேட் அளவை அளந்ததை, இளநிலைப் பட்டத்தின் கீழ், இறுதியாண்டுத் திட்டம் என்று இரண்டு வரிகளில் எழுதினோம். மறைப்பது தவறில்லையா என்று அவள் கேட்டாள். விண்ணப்பப் படிவத்தில் எல்லா வெளியீடுகளையும் குறிப்பிடுக என்று இருந்தால் அங்கே கட்டாயம் எழுத வேண்டும், நேர்காணலில் கேட்டால் நடந்ததைச் சொல்ல வேண்டும். சி.வி. என்பது நாமே தேர்ந்தெடுத்து முன்வைக்கும் ஆவணம். அதில் எதைச் சேர்க்கிறோமோ அதற்கு நாம் பொறுப்பு ஏற்கிறோம் என்பதே என் கருத்து. இதில் என்னோடு மாறுபடும் நண்பர்களும் இருக்கிறார்கள். முதலாசிரியராக ஒன்றையாவது எழுதி முடித்தாள் என்பதற்கு அதுவே சான்று என்பது அவர்கள் வாதம். அதே சான்றை மதிப்பாய்வில் இருக்கும் கட்டுரை இன்னும் நன்றாகத் தருகிறது என்பதால் இவளுக்கு நான் நீக்கவே சொன்னேன்.

'உதவினேன்'

இதற்குப் பிறகுதான் மூன்றாம் பக்கத்தின் அடிக்கு வந்தோம். அங்கே இருந்த இரண்டு வரிகள்: 'ஏரி நீர்த்தர ஆய்வுத் திட்டத்தில் திட்ட உதவியாளராகப் பணியாற்றினேன். நீர் மாதிரிகளைச் சேகரிப்பதிலும் பகுப்பாய்விலும் உதவினேன்.' பதினான்கு மாத வேலை. நான் கோப்பை மூடி வைத்துவிட்டு, அந்தப் பதினான்கு மாதத்தில் எதிர்பாராமல் ஏதாவது தவறாகப் போனதா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை, தொடக்கத்தில் ஆக்சிஜன் அளவில் ஒரு குழப்பம் வந்தது என்றாள். சொல் என்றேன்.

ஏரி நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இரண்டு திட்ட உதவியாளர்கள் மாறி மாறி அளந்துவந்திருக்கிறார்கள். ஒரே ஏரி, ஒரே இடம். இவள் அளந்தால் லிட்டருக்கு இரண்டு, மூன்று மில்லிகிராம். மற்றவர் அளந்தால் எட்டு, ஒன்பது. மீட்டர் பழுது என்று எல்லோரும் நினைத்தார்கள். இவள் ஒரு வாளி நீரில் இரண்டு மீட்டர்களையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்தாள். ஒரே அளவைக் காட்டின. அந்த வாளி நீரையே, ஆக்சிஜனை வேதிவினையால் அளக்கும் விங்க்லர் முறையில் டைட்ரேஷன் செய்தும் பார்த்தாள், அதுவும் பொருந்தியது. கருவியில் பிழை இல்லை என்றான பிறகு, குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். இவள் காலை ஏழு மணிக்குப் போகிறவள். மற்றவர் மதியம் இரண்டு மணிக்குப் போகிறவர். கழிவுநீர் கலந்த ஏரியில் பாசி மிகுதி. பகலெல்லாம் பாசி ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளிவிடும். இரவெல்லாம் பாசியும் நுண்ணுயிர்களும் அதையே சுவாசித்துத் தீர்க்கும். விடியற்காலையில் அளவு அடிமட்டத்தில் நிற்கும். இது பாடநூலில் இருப்பதுதான். ஆனால் தங்கள் தரவில் நடப்பது இதுதான் என்று காட்ட வேண்டுமே. நெறியாளரிடம் அனுமதி வாங்கி, ஒரு நாள் முழுதும் ஏரிக்கரையில் இருந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று பன்னிரண்டு அளவுகள் எடுத்திருக்கிறாள். விடியலுக்கு முன் மிகக் குறைவு, பிற்பகலில் உச்சம். அதன் பிறகு குழு முழுவதும் காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் மட்டுமே மாதிரி எடுப்பது என்று முடிவானது. அதற்கு முன் எட்டு வாரங்களில் மதியம் எடுத்த அளவுகள் பகுப்பாய்விலிருந்து விலக்கப்பட்டன. வெளிவந்த கட்டுரையின் செய்முறைப் பகுதியில் அந்த நேரக் கட்டுப்பாடு ஒரு வாக்கியமாக இருக்கிறது. அவள் மூன்றாம் ஆசிரியரானதே அதனால்தான்.

நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். நான்கு பக்கங்களில் நான் தேடிக் கிடைக்காத பதில் அந்த ஐந்து நிமிடப் பேச்சில் இருந்தது. ஒரு முரண்பாட்டைக் கவனித்தாள். எளிதான விளக்கத்தை முதலில் சோதித்து விலக்கினாள். அடுத்த விளக்கத்தைச் சோதிக்க ஒரு அளவீட்டைத் தானே வடிவமைத்தாள். அதன் விளைவாகத் திட்டத்தின் நடைமுறை மாறியது. "இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டதற்கு, "அது எங்கள் குழப்பத்தைச் சரிசெய்ததுதானே அக்கா, ஆராய்ச்சி இல்லையே" என்றாள். கண்டுபிடிப்பு என்றால் முடிவில் கிடைக்கும் எண் என்றும், வழியில் செய்த திருத்தமெல்லாம் வீட்டு வேலை போலக் கணக்கில் வராதது என்றும் அவளுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். 'உதவினேன்' என்ற சொல்லை அவள் பணிவு என்று நினைத்து எழுதியிருக்கிறாள். படிப்பவருக்கு அந்தச் சொல் பணிவாகத் தெரியாது, தகவல் இல்லாத இடமாகத் தெரியும்.

புதிய விவரிப்பை ஐந்து வரிகளில் எழுதினோம். முதல் வரியில் திட்டம் கேட்ட கேள்வி, காலம், நெறியாளர். இரண்டாம் வரியில் அவள் பொறுப்பில் இருந்த வேலை: எத்தனை ஏரிகள், எத்தனை வாரங்கள், என்னென்ன அளவுகள். மூன்றும் நான்கும் இந்தக் கதை: இரு அளவீட்டாளர்களின் ஆக்சிஜன் மதிப்புகள் வேறுபட்டதற்குக் காரணம் கருவி அன்று, மாதிரி எடுத்த நேரம் என்பதை 24 மணி நேர அளவீட்டால் காட்டியது, குழுவின் நடைமுறை அதன்படி மாறியது. கடைசி வரியில், இதிலிருந்து வந்த கட்டுரை எது, தயாரிப்பில் இருப்பது எது. எழுதியதை அப்படியே நெறியாளருக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். அவர்தான் பரிந்துரைக் கடிதம் எழுதப் போகிறவர். சி.வி. 'கண்டறிந்தேன்' என்று சொல்ல, கடிதம் 'குழுவில் இருந்தார்' என்று மட்டும் சொன்னால், படிப்பவர் கடிதத்தைத்தான் நம்புவார். இரண்டு நாளில் அவர் ஒரு சொல்லை மட்டும் மாற்றித் திருப்பி அனுப்பினார்: 24 மணி நேர அளவீட்டை அவள் 'நடத்தினாள்' என்று இருந்ததை 'திட்டமிட்டு நடத்தினாள்' என்று.

எது முதலில், எது பின்னால்

இதன் பிறகு வரிசை ஏறக்குறையத் தானாகவே அமைந்தது. மேலே பெயர், மின்னஞ்சல், இரண்டு வரியில் ஆய்வு ஆர்வம். அடுத்து கல்வி, அண்மையில் முடித்தது முதலில். எம்.எஸ்சி. ஆய்வேட்டின் தலைப்பும் நெறியாளர் பெயரும் அங்கேயே. மதிப்பெண்ணை, கொடுத்த அளவுகோலிலேயே, பத்துக்கு 8.4 என்று எழுதினோம்; நான்குக்கு இவ்வளவு என்று நாமே மாற்றிக் கணக்கிடுவது, கேட்காதபோது தேவையற்றது, தவறாகவும் போகலாம். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் நீங்கின. அதற்கு அடுத்து ஆய்வு அனுபவம். அதன் பிறகே வெளியீடுகள். முதலாசிரியராக இரண்டு, மூன்று கட்டுரைகள் வெளிவந்தவருக்கு நான் வெளியீடுகளைக் கல்விக்கு அடுத்தே வைக்கச் சொல்வேன். இவளுடைய வலு அந்த ஐந்து வரிகளில் இருந்தது, அவற்றைப் படித்துவிட்டு வெளியீட்டுக்கு வரும் வாசகர், மூன்றாம் ஆசிரியர் என்பதன் பொருளைப் புரிந்துகொண்டே வருவார்.

கற்பித்தலுக்கு அவளிடம் இரண்டு அனுபவங்கள் இருந்தன. எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் முதலாண்டு மாணவர்கள் இருபத்தேழு பேருக்கு ஆய்வக வகுப்பில் உதவியது ஒன்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது மற்றொன்று. முதலாவதை, பாடத்தின் பெயர், பருவம், மாணவர் எண்ணிக்கை, செயல்முறை ஏடுகளைத் திருத்தியதும் டைட்ரேஷன் செய்துகாட்டியதும் என்று எழுதினோம். இரண்டாவதை விட்டுவிட்டோம். இந்தப் பகுதி எங்கே நிற்க வேண்டும் என்பது எங்கே விண்ணப்பிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கத் துறைகளில் முனைவர் மாணவர்கள் பலருக்கு உதவித்தொகையே கற்பித்தல் உதவியாளர் பணியின் வழியாகத்தான் வருகிறது. அங்கே இது வெளியீட்டுக்கு அடுத்து வரட்டும். ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளில் முனைவர் இடம் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கான வேலையாகவே விளம்பரப்படுத்தப்படுகிறது. விளம்பரத்தில் கேட்ட திறன்கள் இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதற்கான பிரதியில் திறன்களைக் கற்பித்தலுக்கு மேலே ஏற்றினோம். ஆக, இரண்டு பிரதிகள், ஒரே உள்ளடக்கம், இரண்டு பகுதிகள் மட்டும் இடம் மாறியவை.

திறன்களில் இருந்த நட்சத்திரங்களை முழுக்க எடுத்தோம். பைத்தானில் நான்கு நட்சத்திரம் என்றால் யாருடைய அளவுகோலில் நான்கு? எதை எதற்குப் பயன்படுத்தினாள் என்று எழுதியபோது பட்டியல் தானாகச் சுருங்கியது: ஆர் மொழி, ஏரித் தரவுகளின் பகுப்பாய்வுக்கும் வரைபடங்களுக்கும், ஆய்வகத்தில் விங்க்லர் டைட்ரேஷன், நைட்ரேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், களத்தில் மீட்டர்களைச் சரிபார்த்துத் திருத்துவது. பைத்தான் ஒரு இணையவழி வகுப்போடு நின்றுவிட்டது என்று அவளே சொன்னதால், அடிப்படை என்று மட்டும் குறித்தோம். பதினான்கு பயிலரங்குகளில் இரண்டு தங்கின. மொழிகளில் அவள் தமிழும் ஆங்கிலமும் மட்டும் எழுதியிருந்தாள். அல்சூரில் வளர்ந்த பெண், ஏரியில் வலை வீசுகிறவர்களோடும் சுத்திகரிப்பு நிலையத்துக் காவலாளிகளோடும் பதினான்கு மாதம் கன்னடத்தில் பேசித்தான் வேலை நடந்திருக்கிறது. கர்நாடகத்தில் களப்பணி உள்ள எந்தத் திட்டத்துக்கும் அது பயன்படும் என்பதால் சேர்த்தோம்.

கடைசியில், எனக்குப் பல விண்ணப்பங்களில் தொல்லை கொடுத்திருக்கும் ஒன்று. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும்தான். இவளுடைய வெளிவந்த கட்டுரையில் முதலெழுத்து முன்னால் இருந்தது; போஸ்டரில் பின்னால் இருந்தது; பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப் பெயரே குடும்பப் பெயராக இருந்தது; விண்ணப்பமும் அதன்படியே. மூன்றும் ஒரே ஆள் என்று வெளிநாட்டில் படிப்பவருக்கு எப்படித் தெரியும்? இனி எழுதும் கட்டுரைகளுக்கு ஒரே வடிவத்தை முடிவு செய்துகொண்டாள். ஆய்வாளர்களுக்கு நிரந்தர எண் தரும் ஆர்க்கிட் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து, பழைய வடிவங்களையும் அதில் சேர்த்து, அந்த எண்ணை மின்னஞ்சலுக்குக் கீழே போட்டாள். வெளியீட்டுப் பட்டியலில் அச்சில் உள்ளதை மாற்றாமல், தடித்த எழுத்து மட்டும் அடையாளம் காட்டியது.

முடிவில் இரண்டு பக்கமும், பரிந்துரையாளர்கள் மூவரின் பெயர்களுக்காக மூன்றாம் பக்கத்தில் கால்வாசியும் ஆனது. நவம்பர் கடைசி வாரம் இரவு பத்தரை மணிக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. மதிப்பாய்வாளர்கள் இருவரின் குறிப்புகளும் வந்துவிட்டன, பெரிய திருத்தம் கேட்டிருக்கிறார்கள், ஐந்தில் மூன்று இடங்களுக்கு விண்ணப்பம் போய்விட்டது, மீதி இரண்டில் 'மதிப்பாய்வில்' என்பதை என்னவென்று மாற்றட்டும் என்று கேட்டிருந்தாள். 'மதிப்பாய்வுக்குப் பின் திருத்தத்தில்' என்று எழுதி, நவம்பர் என்று மாதத்தைப் போடு என்றேன். போய்விட்ட மூன்றில் இருப்பதும் அனுப்பிய நாளில் உண்மைதான், அதைத் தொட வேண்டாம். பதினைந்து நிமிடம் கழித்து அந்த ஒரு வரியை மட்டும் படமெடுத்து அனுப்பியிருந்தாள். மாதத்தோடு தேதியையும் சேர்த்திருந்தாள்.